ஸ்டோர் கிராணி வேலைக்குக் காது எதற்கு? கோலாலம்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மொத்த வியாபாரமும் ஸ்டோரும் நடத்தும் முதலாளிகளுக்கும், அவர்களுக்காக நேர்முகம் நடத்தும் மனிதவள அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காது கேளாத இளைஞர்களை வேலையில் அமர்த்தும் பணியில் இருப்பவர்கள் இதை எழுதுகிறோம். ஓகேயு விண்ணப்பதாரரை நேர்முகத்துக்கு அழைக்கவே மாட்டோம் என்று சொல்பவர்கள் உங்களில் குறைவு. அழைத்த பிறகு அறைக்குள் நடப்பதில்தான் கோளாறு. எல்லாக் குறைபாடுகளையும் ஒரே மடலில் பேசினால் எதுவும் உருப்படியாக வராது என்பதால், காது கேளாதவர் ஸ்டோர் கிராணி வேலைக்கு வரும் ஒரு நேர்முகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். செகாம்புட்டில் ஒரு ஹார்ட்வேர் மொத்தக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு விளம்பரத்திலேயே விழுந்துவிடுகிறது. 'நன்றாகப் பேசத் தெரிய வேண்டும், போன் எடுக்க வேண்டும், கார் லைசென்ஸ் வேண்டும்' என்பது பல கடைகளில் பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வருவது. அதை ஒதுக்கிவிட்டு, அந்த நாற்காலியில் இருந்தவர் போன மாதம் முழுக்க என்னதான் செய்தார் என்று ஸ்டோர் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். லோரியில் வந்த சரக்கை டெலிவரி ஓடருடன் ஒப்பிட்டார், கணினியில் ஏற்றினார், மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணினார், கிளைக் கடைகள் கேட்டபோது இருப்பு எவ்வளவு என்று சொன்னார். லைசென்ஸ் எங்கேயும் வரவில்லை, அதை அடித்துவிடலாம். கடைசி வேலைதான் விளம்பரத்தில் 'போன் எடுப்பது' ஆகியிருக்கிறது. கிளைக்கு வேண்டியது சரக்கு இருக்கிறதா என்ற பதில், அதுவும் சீக்கிரம். பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது தேவை. அது போனில் போகிறதா வாட்ஸ்அப்பில் போகிறதா என்பது வழி. தேவையை வைத்துக்கொண்டு வழியை மாற்றுவதைத்தான் நியாயமான மாற்றம் என்கிறோம். நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசி ஓடர் பிடிக்கும் வேலை என்றால் கதை வேறு. அங்கே பேச்சுதான் வேலை, அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. அந்த வேறுபாட்டை நேர்முகத்துக்கு முன்பே தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது அழைப்பு. விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கு மூன்று முறை போன் அடித்துவிட்டு, 'எடுக்கவில்லை, ஆர்வமில்லை' என்று பெயரை அடித்துவிடுகிறார்கள். அழைப்பைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, கூடவே ஒரு வாக்கியம் சேருங்கள்: 'நேர்முகத்துக்கோ தேர்வுக்கோ ஏதேனும் ஏற்பாடு தேவைப்பட்டால், என்ன என்பதை இந்த நாளுக்குள் தெரிவிக்கவும்.' இது எல்லா விண்ணப்பதாரருக்கும் போக வேண்டும். ஓகேயு என்று தெரிந்தவருக்கு மட்டும் அனுப்பினால், பெயர்ப்பட்டியலில் அவரை முன்கூட்டியே தனியாக வைத்துவிட்டீர்கள் என்றுதான் பொருள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதில் வந்தால், எந்த மொழி என்று கேளுங்கள். மலேசியக் காது கேளாதோரின் சொந்த மொழி பாஹாசா இஷாராட் மலேசியா. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. பள்ளிகளில் புழங்கும் கோட் தாங்கான் வேறு, அது மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது. நம்மவர்கள் அதிகம் தவறவிடும் ஒன்றும் இங்கே உண்டு. தமிழ் வீட்டுப் பையன்தானே, தமிழில் மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வான் என்று நினைக்கிறார்கள். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி போன்ற இடங்களில் இன்று படிப்பவர் எழுதப் படிக்கக் கற்பது மலாயில். வீட்டுத் தமிழ் அவர் காதில் விழுந்ததே இல்லை. அவர் தமிழ் எழுத்தே தெரியாதவராகக்கூட இருக்கலாம். அது அறிவுக் குறைவு அன்று.

உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவார் என்பதும் பாதி உண்மைதான். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மலாயில் அடிப்பதற்கு 'பாலு', விதவைக்கு 'பாலு', வெட்கத்துக்கு 'மாலு'. நம் எழுத்தில் முதல் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. காதுக்கு மூன்றும் வேறு வேறு. உதட்டில் மூன்றும் ஒன்றேதான். சூழலை வைத்து ஊகிக்க வேண்டும், அதை முப்பது நிமிடம் இடைவிடாமல் செய்தால் யாருக்கும் மூளை களைத்துவிடும்.

மொழிபெயர்ப்பாளருக்கான கூலி கம்பெனியின் செலவு. குறைந்தது ஒரு வாரம் முன்பே பேசிவையுங்கள். கேள்விகளையும், கடையில் புழங்கும் சொற்களையும் (பின் கார்டு, டெலிவரி ஓடர், கம்பெனி சாப்) முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். தெரியாத சொல்லை எழுத்தெழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நேர்முகமும் தேர்வும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு பேர் வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்குப் பிறகு தனி ஆளின் கை மட்டுமல்ல, கவனமும் தளர்ந்து, சொற்கள் விடுபடத் தொடங்கும். அக்காவையோ அம்மாவையோ மொழிபெயர்க்க அழைத்து வரச் சொல்லாதீர்கள். கேள்வி அவரைத் தாண்டிப் போகாது. 'அவன் அதெல்லாம் நல்லா செய்வான் சார்' என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.

இனி அறை. கேள்வி கேட்பவரின் பக்கத்தில், சற்றுப் பின்னால் மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். அப்போது விண்ணப்பதாரர் இருவர் முகத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உங்கள் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். பேசுவது விண்ணப்பதாரரிடம். 'அவரிடம் கேளுங்கள்' என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னால், உள்ளே வந்தவரை மூன்றாம் ஆளாக்கிவிட்டீர்கள். மூவர் குழு என்றால் ஒருவர் முடித்த பின்பே அடுத்தவர் வாய் திறக்க வேண்டும். சைகை சில விநாடி பிந்திதான் வரும். அந்த இடைவெளியைத் தயக்கம் என்று மதிப்பெண் தாளில் எழுதியவர்கள் உண்டு.

இதைவிட நுட்பமான தவறு தாளைக் கொடுக்கும்போது நடக்கிறது. மாதிரி டெலிவரி ஓடரை மேசையில் நீட்டியபடியே 'இதில் இரண்டாவது வரியைப் பாருங்கள்' என்று பேசத் தொடங்குவோம். காது கேட்பவருக்குக் கண் தாளில், காது நம்மிடம். இவருக்கு இரண்டும் கண்தான். தாளைப் பார்த்தால் சைகையைத் தவறவிடுவார், சைகையைப் பார்த்தால் தாளைத் தவறவிடுவார். முதலில் சொல்லுங்கள், பிறகு தாளைக் கொடுங்கள், அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவர் தலையாட்டுவதையும் நம்பிவிட வேண்டாம். 'கவனிக்கிறேன்' என்பதற்கும் அதே தலையாட்டல்தான். புரிந்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, 'இப்போது முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்விகளுக்கு வருவோம். 'எப்போதிலிருந்து கேட்காது? பிறவியிலேயா? மெஷின் போட்டால் கேட்குமா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?' இவற்றில் எந்தப் பதிலும் சரக்கு எண்ணுவதைப் பற்றி எதையும் சொல்லாது. கேட்க வேண்டியது வேலையை. 'கிளைகள் ஒரு நாளில் பல முறை இருப்பு கேட்கும், பத்து நிமிடத்தில் பதில் போக வேண்டும். நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?' இதையே எல்லா விண்ணப்பதாரரிடமும் கேளுங்கள். போனில் சொல்வேன் என்பார் ஒருவர், வாட்ஸ்அப் குழுவில் பின் கார்டைப் படம் பிடித்து அனுப்புவேன் என்பார் இன்னொருவர். இரண்டாவதில் எழுத்துச் சான்றும் மிஞ்சுகிறது. ஓகேயு அட்டையை இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியதில்லை. வேலை உறுதியான பிறகு, வரிக் கழிவுக்காக அதன் நகல் போதும்.

போர்க்லிஃப்ட் ஓடும் ஸ்டோரில் பாதுகாப்பு பற்றிக் கேட்பது நியாயமே. ஆனால் 'ஆபத்து வந்தால் என்ன செய்வாய்?' என்று அவர் தலையில் போடாமல், ஸ்டோரின் நிலையை நீங்கள் முதலில் சொல்லுங்கள்: பின்னோக்கி வரும்போது போர்க்லிஃப்ட் ஒலி எழுப்பும், தீ எச்சரிக்கையும் மணிதான். பிறகு, என்ன இருந்தால் பாதுகாப்பாக வேலை செய்யலாம் என்று கேளுங்கள். போர்க்லிஃப்ட் முன்னால் தரையில் விழும் நீல விளக்கு, நடப்பவருக்குக் கோடு போட்ட தனிப் பாதை, மணியுடன் மின்னும் விளக்கு, தீயணைப்புப் பயிற்சியின்போது உடன் போக ஒருவர். காது கேட்பவர்களும் இயர்போன் மாட்டிக்கொண்டு திரியும் காலம் இது, அந்த விளக்கு அவர்களுக்கும் பயன்படும். மாற்றுத்திறனாளி ஊழியருக்காக வாங்கும் சாதனத்துக்கும் கட்டட மாற்றத்துக்கும் ஆகும் செலவை வருமான வரிச் சட்டம் 34(6)(இ) பிரிவின்கீழ் கழித்துக்கொள்ளலாம். கணக்காளரிடம் சொல்லிவையுங்கள்.

வாய்ப்பேச்சைவிட வேலை மாதிரி அதிகம் காட்டிக்கொடுக்கும். எட்டு டெலிவரி ஓடர்களும் அவற்றுக்கான கொள்முதல் ஓடர்களும் கொடுங்கள். ஒன்றில் எண்ணிக்கை குறைவு, ஒன்றில் 50 மில்லிமீட்டர் ஆணிக்குப் பதில் 65, ஒன்றில் கம்பெனி சாப் இல்லை. மற்றவர்களுக்கு இருபது நிமிடம் என்றால் இவருக்கு முப்பது கொடுங்கள். குறிப்பைப் படிப்பது அவருக்கு இரண்டாம் மொழியில். வேகமே வேலையின் தேவை என்றால், குறிப்பை முதலில் சைகையில் விளக்கிவிட்டு, எண்ணும் பகுதிக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரம் வையுங்கள். திருத்தும்போது பிழையைக் கண்டுபிடித்தாரா என்று பாருங்கள். 'பாராங் இனி தாக் சுக்குப் டுவா' என்று அவர் எழுதினால் அந்த நடை மலாய் ஆசிரியருக்குப் பிடிக்காது. இரண்டு குறைகிறது என்ற செய்தி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

குழுவினர் மூவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். 'நல்ல பையன்தான், ஆனா கஷ்டம்' என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 'கஷ்டம்' என்பவர் எந்த வேலை, எந்த மாற்றம் செய்தும் முடியாது என்பதை எழுத்தில் காட்டட்டும்.

சட்டத்தை நாங்கள் பெரிதாகக் காட்டி மிரட்டப் போவதில்லை, மிரட்டுமளவுக்கு அதில் பல்லும் இல்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வேலையில் சம உரிமையைச் சொல்கிறது, மீறினால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் வந்த 69எஃப் பிரிவு, முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கிறது. வாசலில் நிற்கும் விண்ணப்பதாரர் இன்னும் ஊழியர் ஆகவில்லை. அதனால்தான் உங்கள் நேர்முக அறைக்கே எழுதுகிறோம்.

வேலை கொடுத்தால், ஒப்புக்கொண்ட மாற்றங்களை யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று நியமனக் கடிதத்துடன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் சில வாரங்களுக்குச் சமூகநல இலாகாவின் ஜோப் கோச் சேவையைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால், எந்தத் தேவையில் குறைந்தார் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். அதையும் போனில் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
காது கேளாதோர் வேலைவாய்ப்புப் பணியில் உள்ளோர்,
கோலாலம்பூர்