எழுதோம் என்றால் எழுதமாட்டோம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே சில இளைஞர்களோடு சேர்ந்து திருப்பாவை படிக்கிறேன். இரண்டாம் பாசுரத்தில் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்பதை நோன்பின் விலக்கு என்று எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். அடுத்து வருவதில்தான் சறுக்கல். 'நாட்காலே நீராடி மையிட்டெழுதோம்' என்பதை, விடியற்காலையில் குளித்து மை தீட்டிக்கொள்கிறோம் என்று படித்தார்கள். குளித்த பிறகு அலங்காரம் வருவதுதானே வழக்கம்! ஆனால் ஆண்டாள் சொல்வது, குளிப்போம், மை தீட்டமாட்டோம் என்று. 'மலரிட்டு நாம் முடியோம்' என்றால் பூச்சூடமாட்டோம்.

இந்த வினைகளில் 'இல்லை', 'மாட்டோம்' என்று எதுவும் கிடையாது. மறுப்பைக் காட்டும் 'ஆ', அதாவது எதிர்மறை ஆகாரம், புணர்ந்து கெட்டது என்று இலக்கணத்தில் படித்தோமே, அதுதான். கண்டுபிடிக்க வழி, பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே காலம் காட்டும் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. எழுதுவோம் என்பதில் 'வ்' இருக்கிறது, எழுதினோம் என்பதில் 'இன்' இருக்கிறது. எழுதோம் என்பதில் எழுது, ஓம் இரண்டும் நேராக ஒட்டியிருக்கின்றன, காலமே இல்லை. அப்படி வந்தால் எதிர்மறை. அதே பாசுரத்தில் 'செய்யாதன செய்யோம்' என்று வருகிறது பார், முதல் சொல்லில் எதிர்மறை ஆகாரம் வெளியே தெரிகிறது, இரண்டாவதில் மறைந்துவிட்டது.

இதைத் தவறவிட்டால் இருபத்தேழாம் பாசுரமும் கெட்டுவிடும். அங்கே 'பல்கலனும் யாமணிவோம் ஆடையுடுப்போம்' என்கிறாள். அணிவோம், உடுப்போம் இரண்டும் உடன்பாடு. விலக்கிய நெய்யும் பாலும் முழங்கை வழியே வழிகிற பாற்சோறாகத் திரும்பி வருகின்றன. முன்பு எதையெல்லாம் விட்டார்கள் என்று தெரிந்தால்தானே இந்தக் கொண்டாட்டம் புரியும்?

அப்பரின் 'நாமார்க்கும் குடியல்லோம்' பாட்டு இன்னும் கடினம். 'அஞ்சோம்', 'இடர்ப்படோம்', 'பிணியறியோம்' எல்லாம் எதிர்மறை. நடுவில் 'ஏமாப்போம்' என்று ஒன்று வருகிறது. வரிசையின் வேகத்தில் அதையும் மறுப்பாகப் படித்துவிடுவோம். ஏமா என்ற பகுதியோடு 'ப்ப்' நிற்கிறது, அதனால் அது உடன்பாடு, களித்திருப்போம் என்று பொருள். 'நரகத்தில் இடர்ப்படோம்' என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு 'ட்' கூடினால் 'இடர்ப்பட்டோம்' ஆகி, நரகத்தில் துன்பப்பட்டோம் என்று நேர் எதிராகத் திரும்பிவிடும். பாட்டை நகலெடுக்கிறவர் இந்த இடத்தில் ஒருமுறை நிதானிக்க வேண்டும்.

நீ தேவாரம் ஓதிப் பழகியவன். அங்கே இப்படி ஏமாற்றுகிற இடங்கள் வேறு எவை என்று எழுது, அடுத்த வாரம் அவற்றையும் இவர்களோடு படிக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்