விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கும் முன்: ஆலைத் தோழர்களுக்கு ஒரு மடல்

அன்புத் தோழர்களே,

விருப்ப ஓய்வுத் திட்டத்தின் சர்க்குலர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நாளிலிருந்து கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. நான் எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் முதலில் கையில் வந்த படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கணக்கு. நம் சர்க்குலரில் இருப்பது குஜராத் முறை. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். 2019-இல் பி.எஸ்.என்.எல். ஊழியர்களுக்குத் தந்ததும் இதே சூத்திரம்தான். எனக்கு வயது 52, சர்வீஸ் 27 ஆண்டு, 58-இல் ஓய்வு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000 ரூபாய். 27 ஆண்டுக்கு 945 நாள், மீதி 6 ஆண்டுக்கு 150 நாள், ஆக 1,095 நாள். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்தால் 14,60,000 ரூபாய் வருகிறது. 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16,84,600. எந்த எண்ணால் வகுப்பார்கள் என்று சர்க்குலரில் தெளிவாக இல்லை. எழுதிக் கேட்டேன், 30 என்று எழுத்தில் பதில் வந்தது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தவர்கள் 26 என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பலர் இந்தத் தொகையோடு பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, "முப்பது லட்சம் வருகிறதே" என்கிறார்கள். தோழர்களே, அவை நாம் ஏற்கெனவே சம்பாதித்தவை. இன்று போனாலும் 58-இல் போனாலும் நமக்கு உரியவை. நிர்வாகம் புதிதாகத் தருவது 14,60,000 மட்டும்தான். நான் விட்டுக்கொடுப்பது 72 மாதச் சம்பளம். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு 20,278 ரூபாய், இன்றைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. வரப்போகும் சம்பள உயர்வுகளும், அந்த ஆறு ஆண்டுக்கான கிராஜுவிட்டியும், பி.எஃப்.-இல் நிர்வாகத்தின் பங்கும் சேர்ந்தே போகின்றன. இந்த விருப்ப ஓய்வுத்தொகையில் 5 லட்சம் வரைதான் வரிவிலக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. பி.எஃப். பென்ஷனை 58-க்கு முன்பே வாங்கினால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள், அது ஆயுள் முழுக்கத் தொடரும். என் முழங்கால் இனி இரவு ஷிப்டு தாங்காது, கடனும் இல்லை. அதனால் எனக்கு ஒத்துவருகிறது. பெண் கல்யாணமும் வீட்டுக்கடனும் மீதி இருக்கும் 45 வயதுக்காரருக்கு ஒத்துவராது என்றே சொல்வேன்.

இனி கடிதம். அச்சடித்த படிவத்தின் மூன்றாவது வரியில் "சொந்தக் காரணங்களுக்காக என் பணியை ராஜினாமா செய்கிறேன்" என்று இருந்தது. ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. பென்ஷன் விதி உள்ள பல இடங்களில் ராஜினாமா செய்தவரின் பழைய சர்வீஸ் பறிபோகும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. நாளைக்கு வரி அதிகாரி கேட்டாலும் அந்த ஒரு சொல் நம்மைச் சிக்கலில் விடும். நான் அந்தப் படிவத்தை விட்டுவிட்டு வெள்ளைத்தாளில் இப்படி எழுதினேன்:

"மேற்படி எண்ணும் தேதியும் கொண்ட சுற்றறிக்கையில் அறிவித்துள்ள விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஓய்வு பெற விண்ணப்பிக்கிறேன். அதன் விதிமுறைகளையும், என் கடிதத்துக்குத் தாங்கள் அளித்த பதிலில் உள்ள விளக்கங்களையும் படித்து ஏற்கிறேன். திட்டத்தின்படியான கருணைத்தொகையானது சட்டப்படி எனக்குரிய பணிக்கொடை, வருங்கால வைப்புநிதி, விடுப்புச் சம்பளம் ஆகியவற்றுக்குப் புறம்பானது என்ற புரிதலில் இதை அளிக்கிறேன். ஏற்பு ஆணையையும் விடுவிப்புத் தேதியையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

"இன்ன தொகை தந்தால் மட்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள். அதைக் காட்டியே நிர்வாகம் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக்கூடும். கேட்க வேண்டியதைத் தனிக் கடிதத்தில் முன்பே கேட்டு, வந்த பதிலை விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் போதும். "முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வங்கிக்கணக்கில் ஏறி, கணக்கு சரிபார்த்த பிறகு போடலாம். தபால் பிரிவில் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

கொடுத்த பின் மனம் மாறினால்? 2000-இல் வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்ட வழக்கில், ஊழியரின் விண்ணப்பம் ஒரு முன்மொழிவுதான், நிர்வாகம் ஏற்கும் முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது. பணத்தில் ஒரு பகுதியை வாங்கி அனுபவித்தவர்களுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டது. எல்லாத் திட்டத்துக்கும் இது அப்படியே பொருந்திவிடாது, நம் சர்க்குலரின் வாசகமும் முக்கியம். ஆகவே வாபஸ் கடிதம் கொடுப்பதானால் ஏற்பு ஆணை வருவதற்குள் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்ததும் யூனியன் அறையில் இருப்பேன். கடைசி மாதச் சம்பளச் சீட்டையும், சேர்ந்த தேதி உள்ள நியமன ஆணையையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

தோழமையுடன்,
27 ஆண்டு உங்களோடு வேலை செய்தவன்