பழக்கமா, திக்கலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரிப் பிரியாவிடை விழாக்களில் நண்பர்களை மேடையில் கலாய்க்கும் 'ரோஸ்ட்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நண்பனின் நடை, பேச்சு, கையசைவு எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்துகாட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. படிக்கும் காலத்திலிருந்து மிமிக்ரி செய்கிறவன் நான். அந்த 'எல்லாவற்றையும்' என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

விடுதியில் எனக்கு ஓர் அறைத்தோழன். எதைச் சொல்ல வந்தாலும் "அதாவது வந்து..." என்றுதான் தொடங்குவான். வலது கையால் தொடையை இரண்டு தட்டு தட்டுவான், கண்ணை ஒரு கணம் மூடுவான், அப்புறம்தான் பேச்சு வரும். ஓட்டலுக்குப் போனால் எப்போதும் தோசை. கடைசி ஆண்டு விடுதி நாளில் இதையெல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் செய்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவனும் சிரித்தான்.

அவனுக்குத் திக்கல் உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அவனே சொன்னான். திக்குவது என்றால் ஓர் எழுத்து திரும்பத் திரும்ப வருவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஓசை நீண்டு இழுபடுவதும் திக்கல்தான், வாய் திறந்தும் சத்தமே வராமல் அடைத்துக்கொள்வதும் திக்கல்தான். அவனுக்கு இருந்தது அந்த அடைப்பு. அதை உடைக்கத்தான் தொடையைத் தட்டினான், கண்ணை மூடினான். அடுத்த சொல் வரும்வரை இடைவெளியை நிரப்பத்தான் "அதாவது வந்து". பரோட்டா என்றால் அவனுக்கு உயிர். ஆனால் சர்வர் முன்னால் 'ப' வராது என்ற பயத்தில் தோசை கேட்டிருக்கிறான். பரோட்டாவுக்குப் பதில் தோசை சொல்லலாம், சொந்தப் பெயருக்குப் பதில் எதைச் சொல்வது? புதிதாக யாரைப் பார்த்தாலும் என்னை விட்டுத் தன்னை அறிமுகம் செய்யச் சொன்னது அதனால்தான்.

விடுதி நாளுக்குப் பிறகு அவன் கை தொடைப் பக்கம் போனாலே யாராவது சிரித்தார்கள். அவன் தட்டுவதை விட்டான். பத்து நாளில் வந்த வாய்மொழித் தேர்வில், பதில் தெரிந்த கேள்விகளுக்கும் "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். அது அவனுக்குச் சுலபமாக வரும் சொல்.

செய்துகாட்டப் போவது பழக்கமா, திக்கலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரளவு முடியும். வெறும் பழக்கம் என்றால் ஆள் நிம்மதியாக இருக்கும்போதும் வரும், நாம் சுட்டிக்காட்டினால் கொஞ்ச நேரமாவது நிற்கும். திக்கல் சுட்டிக்காட்டினால் கூடும். போனில், வகுப்பில், பெரியவர்கள் முன்னால், பெயர் சொல்லும்போது கூடும். பாடும்போது பெரும்பாலும் காணாமல் போகும். ஆனால் தோசையை என்னால் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? மறைத்தே பழகியவர்கள் அவ்வளவு நேர்த்தியாக மறைக்கிறார்கள். அதனால் மேடைக்கு முன்பே கேட்டுவிடுவது ஒன்றுதான் வழி. பத்துப் பேர் நடுவில் "செய்யட்டுமாடா?" என்றால் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். தனியாக, இரண்டு நாள் முன்னதாக, எதை எதைச் செய்யப்போகிறேன் என்று வரிசையாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு சமாதானமும் காதில் விழுகிறது: "அவனே தன் திக்கலைச் சொல்லிச் சிரிக்கிறானே!" அவன் சொல்லும்போது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவன் கையில் இருக்கிறது. நாம் செய்தால் அது அவன் கையில் இல்லை. 2024 ஜூலையில் ஒரு திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றமும், மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது.

இப்போதெல்லாம் ஒருவர் பேச்சு எப்படி வெளியே வருகிறது என்பதை நான் தொடுவதில்லை. குரல், மூச்சு, உச்சரிப்பு, முகத்துடிப்பு எதுவும் வேண்டாம். செவித்திறன் குறைந்தவர் "ஆங்?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். ஒருவர் என்ன செய்கிறார், என்ன சாக்குச் சொல்கிறார் என்பதிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. குளிக்கப் போகும்போதே "பஸ் ஏறிட்டேன்" என்பவரைச் செய்துகாட்டக் குரலைத் தொடவே வேண்டாம்.

அதே நண்பனின் கல்யாணத்துக்கு முதல்நாள் மறுபடி செய்யச் சொன்னார்கள். போன் பேசுவது அவனுக்குக் கஷ்டம் என்பதால் நான்கு விஷயங்களை எழுதி மெசேஜ் அனுப்பினேன். இரண்டை வேண்டாம் என்றான். தானே ஒன்றைச் சேர்த்தான்: "பில்லைப் பங்கு போடும்போது ஐம்பது பைசா வரைக்கும் கணக்குப் பார்ப்பேனே, அதைச் செய்." அதைத்தான் செய்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்ன தொகை தப்பு என்று அவனே சத்தமாகத் திருத்தினான். நடுவில் ஓர் இடத்தில் திக்கியது. சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.