திருவிழா நன்றி மடலும் இதுவரையான கணக்கும்

நமது தோட்டத்தின் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் மக்கள் அனைவருக்கும், பிழைப்பின் பொருட்டுக் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் ஆலயத் திருவிழாக் குழுவின் வணக்கம்.

2025ஆம் ஆண்டுத் திருவிழாவில் ஏப்ரல் 9ஆம் திகதி கரகம் பாலித்தலும், 10ஆம் திகதி பால்குடமும், பங்குனி உத்திரமான 11ஆம் திகதி தேர் பவனியும் அன்னதானமும் நடைபெறவுள்ளன. இதற்காகப் பணமாகவும் பொருளாகவும் உடல் உழைப்பாகவும் தந்த ஒவ்வொருவருக்கும் முதலில் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவதும் நன்றியின் ஒரு பகுதி என்று கருதுவதால், திட்டமிட்ட செலவையும் கிடைத்த வரவையும் இம்மடலிலேயே வைக்கிறோம்.

| செலவு | மொத்த மதிப்பு (ரூபாய்) | பொருளாகக் கிடைத்தது | பணமாகத் தேவை |
|---|---|---|---|
| பூசை, குருக்கள் தட்சிணை, கரகப் பொருட்கள் | 120,000 | – | 120,000 |
| மேளம், நாதஸ்வரம் (3 நாட்கள்) | 180,000 | – | 180,000 |
| தேர் அலங்காரமும் பூவும் | 110,000 | – | 110,000 |
| மின்விளக்கு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி | 120,000 | 20,000 | 100,000 |
| அன்னதானம் | 165,000 | 60,000 | 105,000 |
| தேர்ப் பாதை, தேர்ச் சக்கரம் | 45,000 | – | 45,000 |
| எதிர்பாராத செலவு | 30,000 | – | 30,000 |
| மொத்தம் | 770,000 | 80,000 | 690,000 |

| பணமாகக் கிடைத்த வரவு | ரூபாய் |
|---|---|
| குடும்ப வரி | 383,400 |
| கொழும்பில் வேலை செய்யும் இளைஞர்கள் | 96,500 |
| நகரக் கடைக்காரர்கள் | 58,000 |
| வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரிகள் | 42,000 |
| சென்ற ஆண்டு மிச்சம் | 21,600 |
| மொத்தம் | 601,500 |

இந்தக் கணக்கின்படி இன்னும் 88,500 ரூபாய் தேவைப்படுகிறது. ஆனால் கோயில் பலகையில் நாங்கள் முதலில் ஒட்டிய தாளில் 8,500 ரூபாய் மட்டுமே குறைவு என்று எழுதியிருந்தோம். அதை நம்பி, இனிக் கொடுக்கத் தேவையில்லை என்று சிலர் எண்ணியிருப்பீர்கள். அந்தத் தாள் பிழையானது. பிழை பொருளாளராகிய என்னுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

லயங்களில் வீட்டுக்கு வீடு சேர்த்த அரிசியைக் கொழுந்து மடுவத்துத் தராசிலேயே நிறுத்தோம். சாக்கோடு 153 கிலோ இருந்தது. நாள்தோறும் அதே தராசின் முன் கொழுந்துக் கூடையோடு நிற்கும் நம் பெண்கள், சாக்குப் பாரம் 3 கிலோவைக் கழித்து 150 என்று எழுதும்படி தாங்களே சொன்னார்கள். கிலோ 230 ரூபாய் வீதம் அதன் மதிப்பு 34,500 ரூபாய். ஒரு கிலோ எட்டுப் பேருக்கு என்று பார்த்தால் 1,200 பேருக்குச் சோறாகும். ஆகவே அன்னதானத்துக்கு இனி அரிசி வாங்கத் தேவையில்லை. தோட்டம் போட்டிருக்கும் குடும்பங்கள் தருவதாகச் சொல்லி எடையும் குறித்துக் கொடுத்த கோவா, கரட், லீக்ஸ் 25,500 ரூபாய் பெறும். நம் லயத்தில் பிறந்து இன்று நகரில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஜெனரேட்டரை வாடகையின்றித் தருகிறார். அந்த வாடகை 20,000 ரூபாய். இவை மூன்றும் சேர்ந்ததே 80,000.

பொருளாக வந்ததைக் கணக்கில் ஒரே ஒரு முறைதான் சேர்க்கலாம். செலவிலிருந்து கழித்தால் வரவில் எழுதக்கூடாது. வரவில் எழுதினால் செலவை முழுத் தொகையாகவே காட்ட வேண்டும். நான் செலவிலிருந்தும் கழித்து, கொடுத்தவர்களின் பெயர் விடுபடக்கூடாது என்ற எண்ணத்தில் வரவிலும் அதே 80,000ஐச் சேர்த்துவிட்டேன். அதனால் வரவு 681,500 என்று வந்தது. கீழ் டிவிஷனில் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்கும் மாணவி ஒருவர், “இந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். வங்கிப் புத்தகத்தில் 490,000, பெட்டியில் 61,500, மேளக் குழுவுக்குக் கொடுத்த முற்பணம் 50,000 ஆக 601,500 மட்டுமே இருந்தது. மிகுதி 80,000ஐ எங்கும் காட்ட முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குழுவின் தனி நன்றி உரியது. இனி ஒவ்வொரு ஞாயிறும் பலகையில் வரவோடு சேர்த்து வங்கி, பெட்டி, முற்பணம் ஆகிய மூன்று தொகைகளும் எழுதப்படும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் கேட்கலாம்.

குடும்ப வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அடிப்படைச் சம்பளமான 2,700 ரூபாய் என்று பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். ஒரே லயக் காம்பராவில் இரண்டு குடும்பங்கள் இருப்பதும் உண்டு என்பதால் காம்பராக் கணக்கில் அல்லாமல் குடும்பக் கணக்கிலேயே எடுத்தோம். 168 குடும்பங்களில் 131 குடும்பங்கள் முழுமையாகவும் 22 குடும்பங்கள் பாதியாகவும் கொடுத்துள்ளன. மழையால் வேலைநாள் குறைந்த மாதத்தில், கடைக் கடனும் கழிந்து கையில் கொஞ்சமே வந்த சம்பளத்திலிருந்து பாதியைக் கொடுத்தவர்களின் மனதை நாங்கள் அறிவோம். செக்ரோலில் பிடித்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். கையொப்பமிட்டுச் சம்மதம் தந்தவர்களிடம் மட்டுமே அப்படிப் பிடிக்கலாம். தோட்டத்தில் பேர் இல்லாதவர்களுக்கு அது பொருந்தாது. அதனால் இம்முறை எல்லாவற்றையும் ரசீது கொடுத்தே வாங்கினோம்.

இன்னும் வரி கொடுக்காத குடும்பங்கள் 15. அவர்களின் பெயரைப் பலகையில் போட வேண்டும் என்று வந்த யோசனையைக் குழு ஏற்கவில்லை. அவற்றில் சில, பேர் வெட்டிய முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள். அம்மன் சந்நிதியில் எவரும் தலைகுனிந்து நிற்க நேரக்கூடாது.

நிலுவையாக உள்ள வரி முழுவதும் வந்தால் 70,200 ரூபாய் சேரும். அப்போதும் 18,300 ரூபாய் குறையும். அதைத் தர இயன்றவர்களிடம் பணிவுடன் வேண்டுகிறோம். அது வராவிட்டால் தேர்ப் பாதையின் இரு மருங்கும் போடத் திட்டமிட்ட அலங்கார விளக்குகளைக் குறைப்போம். அன்னதானத்திலும் பூசையிலும் கை வைக்க மாட்டோம்.

அட்டவணையில் இல்லாத ஒரு கொடையும் உண்டு. தேர்ப் பாதைக்கு எழுதிய 45,000 ரூபாய் சீமெந்துக்கும் மரத்துக்கும் ஆசாரியின் கூலிக்கும் மட்டுமே. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சிரமதானமாக மண் வெட்டி, கானை இறக்கி, தேர் திரும்பும் வளைவில் கல் அடுக்கிய இளைஞர்களின் உழைப்புக்கு நாங்கள் விலை போடவில்லை. சென்ற ஆண்டு தேர்ச் சக்கரம் புதைந்து அரை மணி நேரம் நின்றதும் அந்த வளைவில்தான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று இரவும் தப்படிக்க முன்வந்திருக்கும் நம் அண்ணன்மாருக்கும், சமையலுக்கு விறகு பிளந்து அடுக்கிய ஐயாமாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

ஏப்ரல் 10ஆம் திகதி சம்பள நாள். அன்று மாலை 4 மணி முதல் 8 மணி வரை பிரட்டுக்களத்தில் இரண்டு குழு உறுப்பினர்கள் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். மேளக் குழுவுக்கும் விளக்குக்காரருக்கும் 11ஆம் திகதி இரவே மீதிப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதால், தருவதை அன்றே தந்துதவுங்கள். எண்ணிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொருளாளர்,
மாரியம்மன் ஆலயத் திருவிழாக் குழு