வரியில் பிடித்ததை ரொக்கமாகக் கொடுத்தால்: நிதியமைச்சுக்கு ஒரு மடல்

சிங்கப்பூர் நிதியமைச்சு அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் நிறுவன வரிக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன். தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமா போன வாரம் என்னிடம், "அந்த 15 விழுக்காட்டு வரி எனக்கும் உண்டா தம்பி?" என்று கேட்டார். இல்லை மாமா, லாபத்தில் குறைந்தது 15 விழுக்காடாவது வரி கட்ட வேண்டும் என்ற அந்த உலக விதி, ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்குக் குறையாத விற்றுமுதல் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்குத்தான் என்றதும் சிரித்துவிட்டார்.

"சரி, நம்ம ஊரில் வரியே 17 ஆச்சே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். நல்ல கேள்வி. 17 என்பது பெயருக்குத்தான். சலுகை பெற்ற நிறுவனங்கள் 5, 10 விழுக்காடு கட்டியதும் உண்டு. அந்தக் குறைவை நாம் வசூலிக்காவிட்டால், தாய் நிறுவனம் இருக்கும் நாடு வசூலித்துக்கொள்ளலாம் என்பதே அந்த விதியைக் கொண்டுவந்த 2021 பன்னாட்டு உடன்பாட்டின் பிடி. விட்டுக்கொடுத்த காசு வேறு அரசாங்கத்துக்குப் போனால் சலுகைக்கு என்ன பொருள்? அதனால்தான் 2025 ஜனவரி முதல் அந்த மிச்சத்தை நீங்களே 'உள்நாட்டு நிரப்பு வரி' என்று வாங்குகிறீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

என் கேள்வி, அதோடு சேர்ந்து வந்த முதலீட்டுச் சலுகையைப் பற்றியது. வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதியிருந்தால் நான்கு ஆண்டுக்குள் ரொக்கமாகக் கையில் கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. லாபம் 10 கோடி வெள்ளி, வரி 1.7 கோடி. சம்பளத்துக்கும் இயந்திரங்களுக்குமாக விதி விலக்கிவிடும் லாபம் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். பழைய பாணியில் 1 கோடி வரியைத் தள்ளுபடி செய்தால் மிஞ்சுவது 70 லட்சம், அதாவது 7 விழுக்காடு. 15ஐ எட்ட இன்னும் 8 வேண்டும். மீதி 9 கோடிக்கு அது 72 லட்சம். கொடுத்த ஒரு கோடியில் 28 லட்சம்தான் நிறுவனத்திடம் நிற்கிறது.

அதே ஒரு கோடியை ரொக்கச் சலுகையாகக் கொடுங்கள். விதி அதை வரிக்குறைப்பாகப் பார்ப்பதில்லை, வருமானமாகப் பார்க்கிறது. இப்போது 11 கோடிக்கு 1.7 கோடி வரி, அதாவது 15.45 விழுக்காடு. நிரப்பு வரி ஒரு காசும் இல்லை. முழு ஒரு கோடியும் நிறுவனத்துக்கே.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. திரும்பத் தரும் சலுகைக்கு உலக விதியே அப்படி வழி விட்டிருக்கிறது. ஆனால் விகிதத்தில் நடந்த போட்டி நிற்கவில்லை, கல்லாப்பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது. பணம் ஆழமாக உள்ள நாடு ஜெயிக்கும். நாம் அந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது எனக்கும் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நிரப்பு வரியாக எவ்வளவு வந்தது, இந்தச் சலுகையாக எவ்வளவு போனது என்ற இரண்டு தொகைகளையும் வரவுசெலவுத் திட்டத்தில் அடுத்தடுத்துப் போடுங்கள். நிறுவனங்களின் பெயர் வேண்டாம், மொத்தம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வரிக் கணக்காளர்