அனுமதி இல்லை என்றீர்கள், தடையை மீறினார் என்று தண்டித்தீர்கள்: தேயிலைத் தொழிற்சாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை மேலாளர் அவர்களுக்கும் மனிதவள அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். ட்ரையர் பகுதியில் இரவுப் பணி பார்க்கும் தொழிலாளி ஒருவருக்கு, கைப்பேசி வைத்திருந்ததற்காகத் தாங்கள் வழங்கிய இரண்டு நாள் தற்காலிகப் பணிநீக்க ஆணையைப் பற்றிப் பணிக்குழுவின் தொழிலாளர் தரப்பு உறுப்பினர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நடந்தது தங்களுக்குத் தெரியும். நான் கேட்பது, புதிய நடத்தை விதிகளில் உள்ள வினைச்சொற்களுக்கு என்ன வலிமை என்பதை நிர்வாகம் எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்பது மட்டுமே.

அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள விதி இவ்வாறு இருக்கிறது: “பணி நேரத்தில் தொழிற்சாலைக்குள் கைப்பேசி வைத்திருக்க அனுமதி இல்லை.” தண்டனை ஆணையோ, “தடைசெய்யப்பட்ட பொருளை அங்கீகாரமின்றி வைத்திருந்து ஒழுங்கீனம் புரிந்தார்” என்கிறது. விதியில் தடை என்ற சொல்லும் இல்லை, அங்கீகாரம் என்ற சொல்லும் இல்லை. இரண்டும் ஆணை தட்டச்சாகும்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றன.

அனுமதி இல்லை என்றால், இப்போது யாருக்கும் அனுமதி தரப்படவில்லை, வேண்டுவோர் கேட்கலாம், கொடுக்கும் இடத்தில் இருப்பவர் கொடுக்கலாம் என்றுதான் எங்களில் எவரும் புரிந்துகொள்வோம். தடை என்பது அப்படியன்று. மேலிடம் விதித்ததைக் கீழே இருப்பவர் தளர்த்த முடியாது, மீறினால் தண்டனை உண்டு என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அங்கீகாரம் இவற்றிலிருந்தும் வேறுபட்டது. இன்ன பதவியில் இருப்பவர் இன்னதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கப்படும் அதிகாரம் அது. அனுமதி வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம். அங்கீகாரம் அப்படி இருக்க முடியாது.

அந்தத் தொழிலாளி கேட்டுத்தான் வைத்திருந்தார். “அணைத்துச் சாப்பாட்டுப் பையில் வையுங்கள், கையில் எடுக்க வேண்டாம்” என்று தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் சொன்னார். விசாரணையின்போது டீமேக்கரே இதை ஒப்புக்கொண்டார். விதியின் சொற்படி பார்த்தால் அது அனுமதி. ஆனால், அனுமதி கொடுக்க டீமேக்கருக்கு அங்கீகாரம் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் யாருக்கு உண்டு? விதி அதைச் சொல்லவில்லை. “அனுமதிக்கப்படும்”, “அனுமதிக்கப்படாது” என்று விதிகள் முழுவதும் செயப்பாட்டு வினையிலேயே நடப்பதால், அனுமதிப்பவர் யார் என்பது எந்த வரியிலும் தெரிவதில்லை.

கைப்பேசி அவருக்கு எதற்கு என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். பணி முடிந்து லைன் வீட்டுக்குப் போக அவருக்கு இருப்பது தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. அந்த நேரத்துக்கு நிர்வாக ஜீப் கிடையாது. பாதை வளைவில் காட்டெருமை நின்றால், பத்தடி நெருங்கும்வரை மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாது. கீழே லைனில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டால், ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சுற்றி வரும்படி அழைத்துச் சொல்வார்கள். டார்ச்சும் அதே கைப்பேசிதான். வாயிலில் கொடுத்துவிட்டு வரலாமே என்றால், காவலாளி அறையில் பொருள் வைக்க ஒரு பலகைகூட இல்லை. இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு, கேட்டால் கிடைக்கக்கூடியது என்று பொருள்படும் ஒரு விதியைக் காட்டிவிட்டு, எவரும் தளர்த்த முடியாத தடையை மீறியதாக இரண்டு நாள் கூலியைப் பிடித்திருக்கிறீர்கள்.

கைப்பேசிக்குத் தடையே கூடாது என்று நாங்கள் வாதிடவில்லை. சலிப்பறையில் தடை வேண்டும். கண்ணாடித் துண்டு ஒன்று தூளில் கலந்துவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பது அங்கே வேலை செய்யும் எங்களுக்குத் தெரியாததல்ல. அதைச் சலிப்பறையின் பெயரோடு, தடை என்ற சொல்லோடு, காரணத்தோடு எழுதுங்கள், ஏற்கிறோம். வாட்டும் மாடிக்கும் ட்ரையர் வாசலுக்கும் அதே காரணம் பொருந்துமா என்பதையும் அப்போது நிர்வாகம் யோசித்தாக வேண்டியிருக்கும்.

இதே பலகையில் இன்னொரு வரியும் இருக்கிறது: “ட்ரையர் மற்றும் சலிப்பறைப் பகுதிகளில் புகைபிடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.” ட்ரையரைச் சுற்றிப் படியும் தேயிலைப் பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதை நிர்வாகத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டடமே எரிந்துபோகக்கூடிய செயலுக்குத் ‘தவிர்க்க வேண்டும்’ என்ற அறிவுரை. பையில் அணைந்து கிடக்கும் கைப்பேசிக்குத் தடையும் தண்டனையும்! பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இத்தனை மரியாதை கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, கைப்பேசி என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது. மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

“முன் அனுமதியின்றிப் படம் எடுப்பது முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது” என்பது மற்றொரு வரி. முன் அனுமதியோடு எடுக்கலாம் என்றால் ‘முற்றிலும்’ என்பதற்கு அங்கே வேலை இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பி, அனுமதி பெற்றவரையும் நாளைக்கு ஒருவர் தண்டிக்கலாம். மண்சரிவால் பாதை அடைபட்டுத் தாமதமாக வருவோர் “அனுமதிக்கப்படலாம்” என்பதும் அப்படித்தான். ‘அனுமதிக்கப்படுவர்’ என்றிருந்தால் அது எங்கள் உரிமை. ‘லாம்’ என்றிருப்பதால் அன்றைக்கு வாயிலில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் சாலை அடைபடுவது புதிதல்ல என்பதால், இந்த ஒரு சொல் மாற்றத்தையும் கோருகிறோம்.

1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ்தான் நம் தொழிற்சாலையின் பணி விதிகளான நிலையாணைகள் சான்றளிக்கப்பட்டன. எவையெவை ஒழுங்கீனம் என்பது அவற்றிலேயே சொல்லப்பட வேண்டும் என்பதும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் அவை ஒட்டப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருந்தவை. நிலையாணையில் பட்டியலிடப்படாத ஒன்றை, நடந்த பிறகு ஒழுங்கீனம் என்று முதலாளி கருதிக்கொண்டு தண்டிக்க முடியாது என்று கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நம் நிலையாணைகளின் ஒழுங்கீனப் பட்டியலில் கைப்பேசி இல்லை. பலகையில் ஒட்டிய தாள் அந்தப் பட்டியலை நீட்டிவிடாது.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் செயல் தடைசெய்யப்பட்டது, எது அனுமதியுடன் செய்யத்தக்கது, எது அறிவுரை மட்டுமே என்பதை ஒவ்வொரு விதியிலும் ஒரே பொருளில் ஒரே வினைச்சொல்லால் எழுதுங்கள். அனுமதி தேவைப்படும் இடத்தில், அதைத் தருபவரின் பதவியையும், வாய்மொழி போதுமா என்பதையும் சேருங்கள். விதி சொல்லாத வலிமையைத் தண்டனை ஆணையில் ஏற்றாதீர்கள். அந்தத் தொழிலாளியின் ஆணையைத் திரும்பப் பெற்று, பிடித்த இரண்டு நாள் கூலியை இம்மாத ஊதியத்தோடு வழங்குங்கள்.

திருத்திய வரைவைப் பணிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் தமிழில் தந்தால், வரி வரியாகப் படித்து எங்கள் கருத்தை எழுத்தில் தரத் தயாராக இருக்கிறோம். அதுவரை ட்ரையர் பகுதி இரவுப் பணியாளர்கள் கைப்பேசியை எங்கே வைப்பது, அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதை மட்டுமாவது கையொப்பமிட்ட ஒரு தாளில் இந்த வாரமே தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொழிலாளர் தரப்பு உறுப்பினர், பணிக்குழு