நன்கொடை கேட்கும் கேப்ஷன் பற்றி, அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் அங்கே பதிவு எழுதும் தன்னார்வலர்களுக்கும்

வணக்கம்.

சிறு அறக்கட்டளைகளுக்குக் கணக்கு பார்ப்பவன் நான். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதும் நாலு வரி, வருடக் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். அதனால் இந்த மடல்.

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள், 10 மாதம். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் தலா 12,000 ரூபாய் என்றால் 2,40,000. வாடகை 60,000. சுண்டலும் பாலும் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 15 ரூபாய், 220 நாளைக்கு 1,32,000. நோட்டும் பேனாவும் தலா 600 வீதம் 24,000. தணிக்கை, மின்சாரம், போன், பணம் வாங்கும் தளத்தின் கட்டணம் எல்லாம் 44,000. ஆக மொத்தம் 5 லட்சம்.

இதற்கு வழக்கமாக வரும் கேப்ஷன்: "வெறும் 600 ரூபாய்! ஒரு குழந்தையின் ஓராண்டுக் கல்வி உங்கள் கையில்." படத்தில் புது நோட்டோடு ஒரு சிறுமி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 600 ரூபாய்க்கு வருவது நோட்டு மட்டும். ஒரு பிள்ளைக்கு உண்மையில் ஆகும் செலவு 12,500.

பொய் என்பதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. நோட்டுக்கு என்று கேட்டு வாங்கிய பணம் நோட்டுக்கான பணம்தான். அந்தப் பதிவு பரவி 2 லட்சம் வந்துவிட்டது என்று வையுங்கள். தேவை 24,000. மீதி 1,76,000-ஐ எடுத்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால், கொடுத்தவரிடம் சொன்னதை மீறியதாகிறது. கொடுக்காவிட்டால் பீரோ நிறைய நோட்டு இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. கணக்கில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வங்கியில் பணம் இருக்கும், சம்பளம் பாக்கியாக நிற்கும்.

சம்பளம் என்று எழுதினால் யாரும் தரமாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். புரிகிறது. ஆனால் அந்த மையத்தில் பாதிச் செலவு ஆசிரியர்தான். அவரை ஒளித்துவிட்டு எதைக் காட்டப்போகிறீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"நீங்கள் தரும் 100 ரூபாயில் 48 ஆசிரியர் சம்பளம், 26 சுண்டலும் பாலும், 12 வாடகை, 5 நோட்டு, 9 அலுவலகச் செலவு. 40 பிள்ளைகளுக்கு 10 மாதத்துக்கு 5 லட்சம் தேவை."

இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி 'மேலும்' அழுத்தினால்தான். எனவே இந்தக் கணக்கு முதலில் வரட்டும். உருக்கமான கதை, ஹேஷ்டேக் எல்லாம் அப்புறம். "ஒவ்வொரு ரூபாயும் குழந்தைக்கே" என்று மட்டும் எழுதாதீர்கள். தளத்தின் கட்டணம் 2 சதவீதம் என்றாலே அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். அலுவலகச் செலவை உண்மையிலேயே வேறு ஒருவர் ஏற்றிருந்தால் அதையே எழுதுங்கள், அந்த ஏற்பாடு எதுவரை என்பதையும் சேர்த்து.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் வரி, பணம் கூடுதலாக வந்தால் என்ன செய்வோம் என்பது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எம்எஸ்எஃப் எனப்படும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சில நாட்களிலேயே, தங்கள் சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது என்று அறிவித்து, அந்தப் பெயரில் வாங்குவதை நிறுத்தியது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மற்ற நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று அனுமதியும் கேட்டது. உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொன்னதற்காக வேறு சில அமைப்புகள் எரிச்சல்பட்டன. பெரும்பாலான நன்கொடையாளர்கள் சம்மதித்தார்கள்.

உங்களால் ஆயிரம் பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் போட முடியாது. அதனால் முன்கூட்டியே ஒரு வரி: "5 லட்சத்துக்கு மேல் வருவது இதே மையத்தின் அடுத்த ஆண்டுச் செலவுக்கு." குறைவாக வந்தாலும் ஒரு வரி வேண்டும்: "3 லட்சம்தான் சேர்ந்தால் 6 மாதம் நடத்துவோம்." 'இதுபோன்ற நற்பணிகளுக்கு' என்று மொட்டையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. அதில் எதையும் அடக்கலாம்.

வரிச் சலுகை பற்றியும் கவனம். "100% வரி விலக்கு" என்று பல பதிவுகளில் பார்க்கிறேன். 80ஜி என்று நாம் சொல்லும் சலுகையில், நம்மைப் போன்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தருவதில் பாதிதான், அதுவும் ஒரு வரம்புக்குள், வருமானத்தில் கழியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் கிடையாது. இதை எழுத இடமில்லை என்றால் வரிப் பேச்சையே எடுக்காதீர்கள்.

பதிவைப் போடுவதற்கு முன் அதைக் கணக்கு எழுதுபவரிடம் காட்டி, "இப்படியே செலவு எழுத முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வரியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரசீதுகளை அடுக்கும் கணக்கர்